பக்கத்தில் இருக்கிற அண்ணாமலை, தேடினால் இல்லை: பழைய அச்சும் ஓசிஆரும்

வாசகசாலைக்காரர்

எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு மலர்கள் 1956 முதல் 1984 வரை கிடக்கின்றன. மொத்தம் 1,900 பக்கம் சொச்சம். போன வருடம் எல்லாவற்றையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலில் ஓட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் இதுதான் கட்டளை:

```
tesseract pakkam_012.tif pakkam_012 -l tam --psm 4 pdf txt
```

படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து படிந்த பிடிஎஃப் ஒன்றும், தனி உரைக்கோப்பு ஒன்றும் வரும். பத்துப் பக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து ஒப்பிட்டேன். நூறு எழுத்துக்கு மூன்றுதான் தவறு. 97 சதவீதம் என்று பலகையில் எழுதி ஒட்டாத குறை.

அப்புறம் ஒரு பெரியவர் வந்தார். தன் அப்பா அண்ணாமலை 1961 நாடகத்தில் நடித்தாராம், பெயர் மலரில் வந்ததாம். தேடினேன். 1980க்கு முன் ஒரே ஒரு அண்ணாமலைகூட இல்லை. மலரைப் புரட்டினால் நடிகர் பட்டியலில் மூன்றாவது பெயரே அதுதான். உரைக்கோப்பில் அது “அண்ணுமலே” என்று உட்கார்ந்திருந்தது.

ஸ்கேனர் பித்தன்

300 போதாது. 600இல் எடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் சரியானது.

வாசகசாலைக்காரர்

நீங்கள் சொல்வதற்கு முன்பே இருபது பக்கம் 600இல் எடுத்துப் பார்த்துவிட்டேன். புள்ளிகள் திரும்பி வந்தன, அது உண்மை. கறுப்பு வெள்ளையாக எடுத்தபோது மங்கிய புள்ளியெல்லாம் காணாமல் போய் “பாடல்கள்” “பாடலகள” ஆகியிருந்தது. சாம்பல் நிறத்தில் எடுத்ததும் பெரும்பாலும் சரியானது. ஆனால் “ஆனால்” மட்டும் அப்போதும் “ஆனுல்”தான். “இல்லை”யும் “இல்லே”தான்.

ஓலை முதல் ஒருங்குறி வரை

அது மங்கல் இல்லை, எழுத்தே வேறு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக வராது. எழுத்தோடு சேர்ந்து வளைந்துவிடும். ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரம் எழுத்தின் தலையில் தும்பிக்கை மாதிரி நிற்கும். ணொ, ணோ போன்ற ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்தால் 13 எழுத்து. இன்றைய எழுத்துருக்களைப் பார்த்தே பழகிய நிரலுக்கு அந்த வளைவு ணு மாதிரியும் தும்பிக்கை லே மாதிரியும் தெரிகிறது. எத்தனை டிபிஐ வைத்தாலும் அது தெளிவாகத் தப்பாகப் படிக்கும். பாவம், அண்ணாமலையில் ணாவும் இருக்கிறது, லையும் இருக்கிறது.

எனக்கு இன்னொரு சந்தேகம். அந்தப் பத்துப் பக்கம் எந்த ஆண்டு மலரிலிருந்து எடுத்தீர்கள்?

வாசகசாலைக்காரர்

அடுக்கில் மேலே இருந்தவை. 1982, 83.

ஓலை முதல் ஒருங்குறி வரை

நினைத்தேன். அச்சகம் அப்போது புது எழுத்துக்கு மாறியிருக்கும். பழைய மலர்களிலிருந்து குருட்டாம்போக்கில் பத்துப் பக்கம் எடுத்து மறுபடி எண்ணுங்கள். எண்ணுவதற்கு முன் இரண்டு கோப்பையும் ஒரே ஒருங்குறி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். “கொ”வில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எண்ணுகிற நிரலுக்குத் தவறு.

இதற்கு நேர்மாறும் உண்டு. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர விழுந்திருந்தால் பல எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மெய்ப்புப் பார்ப்பவர் “காடு” என்று படித்துவிட்டுப் போவார், உள்ளே “கரடு” இருக்கும்.

யாழ்ப்பாணத்தான்

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணை. எங்கட வாசிகசாலை மலரின்ர பிடிஎஃப்பில அண்ணாமலை எண்டு தேடினால் வராது. கொப்பி பண்ணி ஒட்டினால் mz;zhkiy எண்டு வருது. எந்த ஓசிஆர் நல்லது?

ஓலை முதல் ஒருங்குறி வரை

தம்பி, உங்களுக்கு ஓசிஆரே வேண்டாம். அது ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் போட்டால் நேராக வந்துவிடும். ஓசிஆர் செய்தால் இல்லாத பிழையை நீங்களே உள்ளே விட்டதாகும்.

யாழ்ப்பாணத்தான்

ஓம், மாத்திப் பாத்தன், வந்திட்டுது. நன்றி. ஆனால் அட்டை மட்டும் படமாக் கிடக்கு.

வாசகசாலைக்காரர்

சரி, எண்ணிவிட்டேன். 1950கள், 60களின் பக்கங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு தவறு. சொல் கணக்கில் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே உருப்படியாக வந்திருக்கிறது.

வருகிறவர்கள் தேடுவது பெயரைத்தான். அதனால் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, உறுப்பினர் பதிவேட்டிலிருந்து முப்பது பெயர் எடுத்து, நாற்பது பழைய பக்கங்களைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெயர்கள் 74 இடத்தில் இருக்கின்றன. தேடலில் சிக்கியவை 46.

அடுத்து, கோப்பு முழுக்க லேயை லையாக மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

ஓலை முதல் ஒருங்குறி வரை

செய்துவிடாதீர்கள். “மேலே” எல்லாம் “மேலை” ஆகிவிடும், “வீட்டிலே” “வீட்டிலை” ஆகும். ணுவை ணாவாக்கினால் “அணு” போச்சு. “ஆனுல்” போல வேறு சொல்லாக இருக்கவே முடியாதவற்றை மட்டும் திருத்தலாம். மற்றபடி உரையைத் தொடாமல் தேடலை மாற்றுங்கள். தேடும் சொல்லையும் உரையையும் இதில் போட்டு எடுத்து ஒப்பிட்டால் போதும்:

```
import unicodedata
J = [("லை","லே"),("ளை","ளே"),("ணை","ணே"),("னை","னே"),
     ("ணா","ணு"),("னா","னு"),("றா","று")]
def key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    for a, b in J:
        s = s.replace(a, b)
    return s
```

அண்ணாமலை என்று தட்டினாலும் உள்ளே இரண்டும் “அண்ணுமலே” ஆகிவிடும், மாட்டிக்கொள்ளும். “மேலை” தேடினால் “மேலே”யும் வரும். அந்தக் குப்பையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாசகசாலைக்காரர்

63 ஆகிவிட்டது! மிச்சம் 11இல் ஐந்து, மை அப்பி யாராலும் படிக்க முடியாதவை. ஆறு மட்டும் விசித்திரம். எழுத்தெல்லாம் சரி, ஆனால் பெயர் வரி முடிவில் உடைந்திருக்கிறது. மேல் வரியில் “சுப்பிர”, கீழ் வரியில் “மணியம்”. நடுவில் கோடுகூடப் போடவில்லை அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர்.

ஓலை முதல் ஒருங்குறி வரை

தமிழ் அச்சில் அது வழக்கம்தான், இடம் தீர்ந்தால் அடுத்த வரி. பிழை விகிதத்தில் இது வரவே வராது, ஏனென்றால் ஓசிஆர் ஒரு தப்பும் செய்யவில்லை. தேடும்போது இடைவெளி, வரிமுறிவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பாருங்கள்.

வாசகசாலைக்காரர்

பார்த்தேன். ஆறில் நான்கு வந்தன. கூடவே “எங்கள் அண்ணா மலையேறியபோது” என்று ஒரு பயணக் கட்டுரையும் வந்தது.

ஸ்கேனர் பித்தன்

வரிமுறிவை மட்டும் நீக்குங்கள், சொல் இடைவெளியை விட்டுவிடுங்கள்.

வாசகசாலைக்காரர்

அதுவும் செய்தேன். அதே நான்குதான் வந்தது. மற்ற இரண்டும் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கங்கள். இடப்பத்தியின் வரியோடு வலப்பத்தியின் வரியைச் சேர்த்துப் படித்து வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களை மட்டும், பத்திகளைத் தானே பிரித்துக்கொள்ளும்படி `--psm 1` வைத்து மறுபடி ஓட்டுகிறேன். விளம்பரக் கட்டங்கள் நடுவில் இருப்பதால் அதிலும் முழு நம்பிக்கை இல்லை.

பெரியவருக்கு அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் கொடுத்தாயிற்று. இன்னொரு மலரில் பரிசு வாங்கியதாகவும் சொல்கிறார், 1958ஆக இருக்கலாம் என்கிறார். புதுத் தேடலிலும் அது வரவில்லை. நாளைக்குக் கையால்தான் புரட்ட வேண்டும்.