தொட்டி மல்லி மதியம் வாடுது, ஊத்துற தண்ணி நிக்காம ஓடுது: பெரிய தொட்டிக்கு மாத்தணுமா?

வில்லாபுரம் மாடி

எட்டு அங்குல பிளாஸ்டிக் தொட்டியில ஒரு குண்டுமல்லி இருக்கு. தங்கச்சிமடம் பதியன்னு வாங்குனது. மூணு வருஷமா அதே தொட்டிதான். போன கோடையில தினமும் கை நிறைய பூத்த செடி, இந்த வருஷம் பாதிகூட பூக்கல.

காலையில தண்ணி ஊத்துனா அடுத்த நிமிஷமே அடியில ஓடிருது. வெயில் ஏறுனதும் கொப்பெல்லாம் தொங்குது, சாயங்காலம் திரும்ப ஊத்துனா நிமிருது. புது இலையெல்லாம் சின்னதா வருது, கீழ இருக்கிற இலை மஞ்சளாகி உதிருது. தொட்டி ஓட்டை வழியா வேர் வெளிய வந்து மாடித் தளத்தைப் பிடிச்சிருக்கு.

புரட்டாசி பாதி ஆகப்போகுது. இப்ப மாத்தலாமா, இல்ல கார்த்திகையில கவாத்து பண்ற வரைக்கும் பொறுக்கணுமா? 18 அங்குலத் தொட்டி ஒண்ணு சும்மா கிடக்கு, நேரா அதுலயே வைக்கலாமா? வேரைப் பிரிச்சா செடி செத்துரும்னு எதிர்வீட்டு ஆச்சி பயமுறுத்துறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதூர் அக்கா

இலை மஞ்சளானா மல்லிக்கு இரும்புச் சத்து பத்தலன்னு அர்த்தம்மா. நம்ம போர் தண்ணியில உப்பு அதிகம், அதனால வர்றது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து இலை மேல தெளி, பச்சை திரும்பும். தொட்டியை மாத்தி வேரைத் தொந்தரவு பண்ணாத.

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

அக்கா சொல்ற அன்னபேதி வைத்தியம் மல்லிக்கு உண்டு, அளவும் சரிதான். ஆனா இரும்புக் குறை நுனியில இருக்கிற இளம் இலையிலதான் முதல்ல தெரியும். நரம்பு பச்சையா நிக்கும், நடுவுல வெளுத்திருக்கும். தங்கச்சிக்குக் கீழ் இலை மஞ்சளாகி உதிருது. அதோட தண்ணி நிக்கலங்கிறாங்க, மதியம் வாடுதுங்கிறாங்க, வேர் வெளிய வந்திருக்குங்கிறாங்க. இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தா வேர் தொட்டியை அடைச்சிருச்சுன்னுதான் படுது.

ஆனாலும் பார்க்காம முடிவு பண்ணாதீங்க. ஓட்டை வழியா ஒரு வேர் எட்டிப் பார்க்கிறது மட்டும் அடையாளம் ஆகாது, நல்லா இருக்கிற செடியிலயும் அது வரும். தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு விளக்குமாத்துக் குச்சியை நடு மண்ணுல இறக்கிப் பாருங்க. குச்சி இறங்க மறுத்தாலோ, இறங்கியும் காய்ஞ்சே வந்தாலோ, நீங்க ஊத்துற தண்ணி வேர்க்கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து வழியா ஓடிருது. செடி குடிக்கல. பூ குறைஞ்சதுக்கும் மதிய வாட்டத்துக்கும் அதுவே காரணமா இருக்கும்.

மேலூர்த் தம்பி

அதான் 18 அங்குலத் தொட்டி கையில இருக்கே, நேரா அதுல வச்சிருங்க. வருஷா வருஷம் யாரு மாத்திக்கிட்டு இருக்கிறது? நம்ம ஊர் வெயிலுக்கு மண்ணு நிறைய இருந்தாத்தான் வேர் சூடாகாது. பழைய மண்ணு பூராத்தையும் குழாயடியில கழுவி விட்டுட்டு, வேரை விரிச்சு புது மண்ணுல வைங்க. பழைய மண்ணுல சத்து ஒண்ணும் இருக்காது.

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

தம்பி, பெரிய தொட்டியில வேர் சீக்கிரம் சூடாகாதுங்கிறது உண்மை. தை, மாசியில மாத்துற ஆளா இருந்தா நானும் ரொம்ப வாதாட மாட்டேன். இது புரட்டாசி. ஐப்பசியில மழை பிடிச்சா நாள் கணக்கா விடாது.

8 அங்குலத் தொட்டியை விட 12 அங்குலத் தொட்டி மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேல மண்ணு பிடிக்கும். 18 அங்குலம் பதினோரு மடங்கு. செடி தண்ணி உறிஞ்சுறது வேர் இருக்கிற இடத்துல மட்டும்தான். வேர் போய்ச் சேராத மண்ணு அத்தனையும் ஈரத்தோட நாள்பட நின்னா, காத்து இல்லாம புது வேர் நுனி அழுகிரும். அப்ப மேல பார்த்தா செடி வாடும். வாடுதேன்னு நீங்க இன்னும் தண்ணி ஊத்துவீங்க. வீட்டுத் தொட்டி மல்லி மழைக்காலத்துல சாகுறது பெரும்பாலும் இப்படித்தான். 12 அங்குலம் போதும், சுத்தி ரெண்டு அங்குலம் புது மண்ணு கிடைக்கும். 18ஐ பத்திரமா வைங்க, அடுத்த தடவைக்கு ஆகும்.

மானாமதுரை மண் தொட்டி கிடைச்சா நல்லது, பக்கவாட்டுலயும் ஈரம் காயும். வாய் குறுகி வயிறு பெருத்த தொட்டி மட்டும் வேண்டாம். அடுத்த தடவை செடியை எடுக்கத் தொட்டியை உடைக்க வேண்டி வரும்.

வேரைக் கழுவுறது மல்லிக்கு வேண்டவே வேண்டாம். தண்ணியை உறிஞ்சுறது கண்ணுக்குச் சரியாத் தெரியாத மெல்லிய வேர்தான். மண்ணைக் கழுவுனா அதெல்லாம் அறுந்துரும். தடிச்ச வேர் தப்பிச்சாலும் செடி நாலஞ்சு நாள் குடிக்க வழியில்லாம நிக்கும்.

அனுப்பானடி

இதே இழையிலயே கேட்டுக்கிறேன். எங்க வீட்டுக் காகிதப்பூச் செடிக்கும் தொட்டி நிறைய வேர், ஓட்டையிலயும் வந்திருச்சு. பூ கொத்துக் கொத்தா பூக்குது. அதையும் மாத்திரட்டுமா?

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

பூக்குதுல்ல, விட்டுருங்க. காகிதப்பூ இடம் நெருக்கமா இருந்தாத்தான் நல்லா பூக்கும், வேரைக் கலைச்சா கோவிச்சுக்கும். தண்ணியே உள்ள இறங்காத நிலை வந்தா மட்டும், வேர்க்கட்டியைக் கலைக்காம அப்படியே ஒரு சுத்து பெரிய தொட்டிக்குத் தூக்கி வைங்க.

வில்லாபுரம் மாடி

குச்சியை இறக்கிப் பார்த்தேண்ணே. ரெண்டு விரல் அளவுக்கு மேல போகல, நுனி காய்ஞ்சுதான் வந்துச்சு. அப்ப கார்த்திகை வரைக்கும் பொறுக்க வேண்டாமா? எப்படிச் செய்யணும்னு வரிசையா சொல்லுங்களேன்.

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

கார்த்திகைக் கடைசியில கவாத்தோட சேர்த்துப் பண்றதுதான் வழக்கம். ஆனா தினம் மதியம் வாடுற செடி அது வரைக்கும் இன்னும் தளரும். மேகம் போட்ட ஒரு நாள் சாயங்காலம் பார்த்துச் செய்ங்க.

முதல் நாள் ராத்திரி தொட்டியோட ஒரு வாளித் தண்ணியில முக்கி வைங்க. குமிழி வர்றது நின்னா உள்ள நனைஞ்சிருச்சுன்னு அர்த்தம். எடுத்து வடிய விட்டுருங்க. காய்ஞ்ச வேர் ஒடியும், நனைஞ்ச வேர் வளைஞ்சு கொடுக்கும்.

மறுநாள் ஓட்டை வழியா வந்த வேரை வெளிய வச்சே வெட்டிருங்க. அதைப் பிடிச்சு இழுத்தா உள்ள இருக்கிறதும் கிழியும். தொட்டியைப் படுக்க வச்சு நாலு பக்கமும் அமுக்குங்க, அடியில தட்டுங்க. தண்டைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. வரலன்னா பிளாஸ்டிக்கைக் கீறி எடுங்க, அந்தத் தொட்டி போனாப் போகுது.

அடியில வேர் சும்மாடு மாதிரி சுத்திக் கிடக்கும். அதைப் பிரிக்க உக்காராதீங்க, கூரான கத்தியால ஒரு அங்குல கனத்துக்கு அப்படியே அறுத்து எடுத்துருங்க. பக்கவாட்டுல மேலிருந்து கீழ நாலு இடத்துல அரை அங்குல ஆழத்துக்குக் கீறுங்க. சுத்தி ஓடுற வேர் அங்கங்க அறுபட்டு, அறுபட்ட இடத்துல வெளிப்பக்கமா புதுசு கிளைக்கும். அப்படியே விட்டா புதுத் தொட்டியிலயும் பழைய வட்டத்துலயே சுத்தும், மூணு மாசம் கழிச்சு இதே வாட்டம் வரும். கீறுன பிறகு வெளிப்பக்கத்தை மட்டும் விரலால லேசா கோதி விடுங்க. நடுக்கட்டியைத் தொடாதீங்க. கருப்பா கொழகொழன்னு நாத்தமடிக்கிற வேர் இருந்தா நல்ல இடம் வரைக்கும் வெட்டுங்க. வேலை நடக்கும்போது ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க.

செம்மண்ணு ரெண்டு பங்கு, நல்லா மக்குன தொழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. தேங்காய் நார்த்தூளை மழைக்கு முன்னாடி அதிகம் சேர்க்காதீங்க. தண்டு முன்ன எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டத்துல நிக்கணும், ஆழமா புதைக்கக் கூடாது. பக்கத்துல மண்ணைக் குச்சியால குத்திக் குத்தி இறக்குங்க, உள்ள பொந்து விடக்கூடாது. வேர் குறைஞ்சதுக்கு ஏத்தபடி மேல இருக்கிற கொப்பையும் மூணுல ஒரு பங்கு நறுக்கிருங்க. மொட்டு இருந்தாலும் கிள்ளிருங்க.

வில்லாபுரம் மாடி

மாத்திட்டேண்ணே. நீங்க சொன்ன மாதிரியே அடியில ரெண்டு சுத்து வேர், மண்ணே கண்ணுக்குத் தெரியல. மாடிப்படிக்குக் கீழ நிழல்ல வச்சிருக்கேன். மறுநாளே கொப்பு தொங்கிருச்சு. கடலைப் புண்ணாக்குத் தண்ணி ஊத்துனா தெளியுமா? மண்ணு ஈரமாத்தான் இருக்கு.

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

புண்ணாக்கு இப்ப வேண்டாம்மா. வெட்டுப்பட்ட வேர்ல உரம் பட்டா கருகும், ஒரு மாசம் போகட்டும். ரெண்டு மூணு நாள் தொங்குறது சகஜம். எப்ப தொங்குதுன்னு பாருங்க. மதியம் தொங்கி, விடியக்காலையில நிமிர்ந்திருந்தா வேர் வேலை செய்யுது. விடிஞ்சும் தொங்கிக்கிட்டு, மண்ணும் ஈரமா இருந்தா தண்ணியை நிறுத்துங்க.

இன்னொண்ணும் கவனிக்கணும். புது மண்ணு பொலபொலன்னு இருக்கும், பழைய கட்டி இறுக்கமா இருக்கும். தண்ணி சுலபமான வழியிலதான் போகும். ஓரத்து மண்ணு ஈரமா இருக்கு, நடுக்கட்டி காய்ஞ்சு கிடக்குன்னு ஆகிரும். குச்சியை ஓரத்துல குத்தாம தண்டுக்கு நாலு விரல் தள்ளி நடுக்கட்டியில குத்திப் பாருங்க. காய்ஞ்சிருந்தா தண்டை ஒட்டி மெதுவா, ரெண்டு மூணு தவணையா ஊத்துங்க.

வில்லாபுரம் மாடி

நடுவுல காய்ஞ்சுதான் இருந்துச்சு. அது தெரியாம ஓரத்துலயே ஊத்திக்கிட்டு இருந்திருப்பேன். தண்டை ஒட்டி ஊத்த ஆரம்பிச்சதும் காலையில நிமிர்ந்து நிக்குது.

வில்லாபுரம் மாடி

ஐப்பசி பிறந்தாச்சு, அதான் எழுதுறேன். கீழ் இலை இன்னும் கொஞ்சம் உதிர்ந்துச்சு. வெட்டுன கொப்புல கணுவுக்குக் கணு துளிர் வந்திருக்கு, இலையும் பழையபடி அகலமா வருது. காலை வெயில் மட்டும் படுற இடத்துக்கு நகர்த்திட்டேன். கார்த்திகைக் கடைசியில வழக்கம்போல முழங்கால் உசரத்துக்குக் கவாத்து பண்ணலாமா?

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

இந்த வருஷம் வேண்டாம்னு நினைக்கிறேன். இப்பதான் ஒரு பங்கு வெட்டிருக்கு. காய்ஞ்ச கொப்பையும் குச்சி மாதிரி மெலிஞ்சதையும் மட்டும் எடுங்க.

புதூர் அக்கா

எனக்கு அது சரியாப் படல. கார்த்திகையில நல்லா வெட்டுனாத்தான் பங்குனியில புதுக் கொப்பு வந்து பூ நிறைய வரும். நான் ஒரு வருஷம்கூட விட்டதில்ல.

திருமங்கலம் நாற்றுப்பண்ணை

தரையில இருக்கிற செடிக்கு நீங்க சொல்றது சரிக்கா, தோட்டத்துல நாங்களும் அப்படித்தான் வெட்டுறோம். இது வேர் அறுபட்ட தொட்டிச் செடி. தங்கச்சி, கார்த்திகையில துளிரோட வேகத்தைப் பார்த்துட்டு ஒரு படம் போடுங்க, அப்ப முடிவு பண்ணுவோம்.