மயில் கழுத்துப் பட்டின் நிறத்தை எப்படி எழுதுகிறீர்கள்?

காஞ்சிபுரத்திலிருந்து கைத்தறிப் பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். ஆடி மாதம் முதல் மயில் கழுத்து நிறச் சேலைகள் மட்டும், “படத்தில் நீலம், கையில் பச்சை” என்ற புகாருடன் திரும்பி வருகின்றன. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. விரித்துப் பிடித்தால் ஒரு நிறம் தெரியும், மடிப்பு திரும்பும் இடத்தில் மற்றது மேலே வரும். அந்தச் சேலையின் அழகே அதுதான்.

குழல் விளக்கை அணைத்துவிட்டுக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் படமெடுத்தோம். அசைத்துக் காட்டும் காணொளியும் இணைத்தோம். பாவு, ஊடை நிறங்களைத் தனித்தனியே எழுதினோம். பலருக்கு அந்தச் சொற்களே புரியவில்லை. விற்பனைப் பக்கமோ ஒரே ஒரு நிறப் பெயரைத்தான் ஏற்கிறது.

மற்ற விவரங்களில் சிக்கல் இல்லை. சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 80 செ.மீ. எனப் பிரித்தே எழுதுகிறோம். அகலத்தை ஒவ்வொரு சேலைக்கும் அளக்கிறோம். கோர்வைக் கரை உடலோடு சேரும் இடத்தில் பின்பக்கம் லேசான மேடு இருக்கும் என்பதையும், உலர் சலவைதான் ஏற்றது, ஜரிகை முறியாமலிருக்க மடிப்பை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இரட்டை நிறப் பட்டு விற்பவர்களே, வாங்குபவருக்குப் படித்தவுடன் புரியும்படி இந்த நிற மாற்றத்தை என்ன வாசகத்தில் எழுதுகிறீர்கள்?