புதுப்பிப்பு: வி.எச்.எஸ். கல்யாண வீடியோவைப் பெரிதாக்கியது

முன்பு கேட்டது: “அப்பா அம்மா கல்யாண கேசட்டைப் பெரிதாக்கினால், ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன, முகங்கள் தெளியுமா?”

உதவிய அனைவருக்கும் நன்றி. மயிலாப்பூர் நண்பர் சொன்னபடி, பெரிதாக்குவதற்கு முன்பே, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து பதிவான இன்டர்லேஸ் வரிகளைப் பிரித்து, நொடிக்கு 50 முழுப் படங்களாக்கியதும் கோடுகள் மறைந்தன:

```
ffmpeg -i tape.avi -vf bwdif=mode=send_field -c:v ffv1 out.mkv
```

“ஏஐ மென்பொருளால் 4கே அளவுக்குப் பெரிதாக்கினாலே போதும்” என்றவர் சொன்னது பாதி சரி. நெருக்கக் காட்சிகளில் மாலையும் நெற்றிச்சுட்டியும் துலங்கின. ஆனால் பந்தியின் கடைசி வரிசையில் பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலமே இருந்த பெரியம்மாவின் முகத்துக்கு, மென்பொருள் யாரோ ஒருவருடைய கண்ணையும் மூக்கையும் பொருத்திவிட்டது. டேப்பில் பதிவாகாததை அது ஊகிக்கிறதே தவிர மீட்பதில்லை என்பதால், அந்தக் காட்சிகளைச் சாதாரண முறையில் இரு மடங்கு மட்டுமே பெரிதாக்கினேன். தம் 8 மி.மீ. பிலிமைப் பற்றிக் கேட்டவருக்கு: பிலிமைப் படம் படமாக ஸ்கேன் செய்திருந்தால் இன்டர்லேஸ் வரிகளைப் பிரிக்கும் வேலை தேவையில்லை.

சிவப்புப் புடவையின் நிறம் ஓரம் தாண்டி வழிவது மட்டும் இன்னும் சரியாகவில்லை.