முகவரிப் பட்டை: ‘முன்நிரப்பு’ வேறு, ‘பரிந்துரை’ வேறு

கலா (சுங்கை சிப்பூட்):

வணக்கம். தோட்டத்துப் பெற்றோருக்காகப் பாலாய் ராயாவில் நடத்தும் கணினி வகுப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளியின் தளம் புது முகவரிக்கு மாறியதிலிருந்து இரண்டு தொல்லை. முகவரியை அடித்தாலும் சிலருக்குத் தளம் திறக்காமல் தேடல் முடிவுகள் வருகின்றன. வேறு சிலர் முதல் நாலைந்து எழுத்து அடித்து `Enter` தட்டினால் பழைய முகவரிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ‘முகவரிப் பிழை’ என்று எழுதலாமா?

தினேஷ்:

அக்கா, ‘முகவரிப் பிழை’ போதும். உலாவியின் வரலாற்றை முழுதாக அழித்தால் பழையது வராது. அதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

முருகையா:

தம்பி சொல்வது பாதி சரி. வரலாற்றை அழித்தால் பழைய முகவரி பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதைப் புத்தகக்குறியாகச் சேமித்திருந்தால் அங்கிருந்து மறுபடியும் வரும். பொதுக் கணினியில் ஒரு முகவரிக்காக எல்லாருடைய வரலாற்றையும் அழிப்பதும் நியாயமில்லை. தேடல் முடிவு வருகிற தொல்லைக்கும் வரலாற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே பெயர் வைத்தால் ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுப்போம்.

முதலில் தேடல். ஒரே பட்டையில் முகவரியும் அடிக்கிறோம், தேடவும் செய்கிறோம். அதனால் அடித்தது எது என்று உலாவி ஊகிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் புள்ளியும் முடிவில் `.org` போன்ற தெரிந்த ஈறும் இருந்தால் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளி விழுந்தால் தேடல் என்று எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் பாருங்கள்:

```
palli.example.org
palli. example.org
```

முதலாவது திறக்கும், இரண்டாவது தேடலுக்குப் போகும். கைப்பேசியில் சில விசைப்பலகைகள் புள்ளிக்குப் பிறகு தாமே இடைவெளி போடுவதால், அடித்தவருக்கே அது தெரிவதில்லை. பட்டையைத் தொட்டு, அடித்ததை மறுபடி பார்த்தால் இடைவெளி தெரியும். பெற்றோர் வந்து நிற்கும் முடிவுப் பக்கத்தில் முதலில் இருப்பது விளம்பரமாகவும் இருக்கலாம், ஆகவே அங்கே கண்ணில் பட்டதைத் தட்டாமல் திரும்பிப் போய் இடைவெளியை நீக்கச் சொல்லுங்கள்.

ரவி:

ஐயா, என் கடையிலும் இதே கதை. நான் எழுதுகிற தமிழ்ச் சொல்லையெல்லாம் கைப்பேசி வேறு சொல்லாக மாற்றிவிடுகிறது. அதற்கும் ‘முகவரிப் பிழை’ என்ற சொல்லே போதுமா? அப்புறம், கடைப் பிரிண்டருக்கு `printer` என்று பெயர் வைத்திருக்கிறேன். கணினியில் அதை அடித்தால் பிரிண்டர் விற்கிற கடைகள் வருகின்றன.

முருகையா:

முதலாவது விசைப்பலகையின் தன்திருத்தம், நாம் பேசுவது அது இல்லை. பிரிண்டர் கதை நம்முடையதே. புள்ளி இல்லாத ஒற்றைச் சொல் என்பதால் குரோம் அதைத் தேடல் என்று எடுக்கிறது. கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்து `printer/` என்று அடியுங்கள், முகவரியாக எடுத்துக்கொள்ளும். உங்கள் வலையமைப்பு அந்தப் பெயரை அறிந்திருந்தால் பக்கம் திறக்கும்.

கலாவின் இரண்டாவது தொல்லைக்கு வருகிறேன். அதற்குள்ளேயே இரண்டு விஷயம் இருக்கிறது. `pall` என்று அடித்ததும் மிச்ச எழுத்துகளை உலாவி பட்டைக்குள்ளேயே எழுதி, நிறமிட்டுக் காட்டும். அப்போது `Enter` தட்டினால் அந்த முழு முகவரிக்குத்தான் போவீர்கள். இதை ‘முன்நிரப்பு’ என்போம். கீழே விரியும் பட்டியல் ‘பரிந்துரை’. அதை நாமாகத் தேர்ந்தெடுக்கும்வரை அது சும்மா இருக்கும். பெற்றோரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோவது முன்நிரப்புதான், அதனால் இந்த இரண்டு சொல்லையும் கலக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பழையது ஏன் முந்துகிறது என்றால், எத்தனை முறை போனோம், எவ்வளவு அண்மையில் போனோம் என்ற இரண்டையும் சேர்த்து உலாவி வரிசை போடுகிறது. பல வருடம் போன முகவரியை நேற்று வந்தது உடனே முந்த முடியாது. நிறமிட்ட பகுதியை `Delete` தட்டி நீக்கிவிட்டு, புது முகவரியை முழுதாக அடித்து `Enter` தட்டட்டும். பழையதை நிரந்தரமாக எடுக்க, பட்டியலில் அம்புக்குறியால் அந்த வரிக்குப் போய் `Shift` + `Delete` அழுத்த வேண்டும். குரோமிலும் பயர்பாக்ஸிலும் அந்த ஒரு வரி மட்டும் போகும். போகாமல் நின்றால் புத்தகக்குறிகளைப் பாருங்கள்.

தினேஷ்:

சரி ஐயா, முன்நிரப்பு, பரிந்துரை இரண்டையும் ஏற்கிறேன். தேடலுக்குப் போவதற்கு ‘தேடல்திரிபு’ என்று வைக்கலாமா?

முருகையா:

திரிபு என்றால் எழுத்து கெட்டுப்போனதாகத் தோன்றும். பிரிண்டர் பெயரில் எழுத்து எதுவும் கெடவில்லையே. ‘தேடலாதல்’ என்பது என் விருப்பம்.

கலா:

‘தேடலாதல்’ என் மாமியார் வயதுக்காரர்களுக்குப் புரியுமா என்று தயக்கமாக இருக்கிறது. வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன். குறிப்பில் இப்போதைக்கு ‘தேடலுக்குப் போய்விட்டது’ என்று முழு வாக்கியமாகவே எழுதுகிறேன், முன்நிரப்புக்குத் தனிப் படம் போடுகிறேன். கைப்பேசியில் `Shift` இல்லையே, பழைய வரியை அங்கே எப்படி எடுப்பது?

முருகையா:

ஆண்ட்ராய்டு குரோமில் அந்த வரியை விரலால் அழுத்திப் பிடித்தால் நீக்கட்டுமா என்று கேட்கும்.