மணிக்கு 28 வெள்ளியா, 58 வெள்ளியா? கணக்குல மாட்டிக்கிட்டேன்

வணக்கம் எல்லாருக்கும். உட்லண்ட்ஸ்ல வீட்டுல இருந்தே வீடியோ எடிட்டிங் பண்றேன், வேலையை விட்டு ஒன்னரை வருஷம் ஆச்சு. பழைய சம்பளம் 4,500, அதை மாசம் 160 மணி நேரத்தால வகுத்து மணிக்கு 28 வெள்ளின்னு வச்சேன். கை நிறைய வேலை இருக்கு, ஆனா மாசக் கடைசில காசு நிக்கல.

போன ஆறு வாரமா நேரத்தை எழுதி வச்சுப் பார்த்தேன். வாரம் 40 மணில பில் போட முடிஞ்சது 24 தான், திருத்தம் கேட்டு வர்றதுக்கே 6 மணி போகுது (அதுவும் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸப்ல "சின்ன சேஞ்ச்தான்"னு வரும்!), மீதி 10 கொட்டேஷன், இன்வாய்ஸ், காசு கேட்டு அலையறது.

வருஷத்துல 260 வேலை நாள், பொது விடுமுறை 11, லீவு 14, எம்சி 7 கழிச்சா 228 நாள், அதாவது 1,824 மணி. அதுல 60 சதவீதம்னா 1,094 மணி. தேவையான தொகை: கைக்கு 54,000, வரியும் மெடிசேவும் சுமார் 6,500, சாஃப்ட்வேர் 1,000, லேப்டாப் 4,500ஐ மூணு வருஷத்துக்குப் பிரிச்சா 1,500, மொத்தம் 63,000. வகுத்தா 58 வெள்ளி! முதலாளி போட்ட 17 சதவீத சிபிஎஃப்பை இன்னும் சேர்க்கவே இல்ல.

40 வெள்ளி கேட்டுப் பார்த்தேன், ஒரு கிளையன்ட் போயிட்டாரு. திருத்தத்துக்கும் பில் போட்டா 75 சதவீதம் ஆகி 46 வெள்ளில நிக்குது.

எல்லாத்தையும் உள்ள வச்சு 58னு சொல்றதா, இல்ல 46 வச்சு திருத்த நேரத்துக்குத் தனியா பில் போடறதா, இங்க கிளையன்ட்ங்க எதை ஒத்துக்கறாங்க?