அப்பாவுக்கு மூக்கில் ரத்தம் நின்று நின்று வருது, உடனே உதவி தேவை

திருச்சிக்காரன்: அப்பாவுக்கு 67 வயசு. போன வருஷம் ஸ்டென்ட் வெச்சதிலிருந்து ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் ரெண்டும் சாப்பிடுறார். காலையில் பல் தேய்க்கும்போது இடது மூக்கில் ரத்தம். அண்ணாந்து படுக்க வெச்சு நெற்றியில் ஐஸ் வெச்சேன். நின்ன மாதிரி இருந்தது, அப்புறம் கறுப்பா வாந்தி எடுத்தார். இப்போ மறுபடி சொட்டுது. பிபி 170/100. பிபி மாத்திரை இன்னொன்னு கொடுக்கலாமா?

வேப்பமரம்: உடம்பு சூடுதான் தம்பி. தலையில் பச்சைத் தண்ணி ஊத்துங்க. மூக்கைப் பிடிச்சு வைக்கிறதும் நல்லது, மேலே எலும்புகிட்ட அழுத்தணும்.

இஎன்டி வார்டு நர்ஸ்: ஐயா, பிடிக்கச் சொன்னது சரி, இடம்தான் தப்பு. பெரும்பாலும் ரத்தம் வர்றது மூக்கின் நடுச்சுவரோட முன்பக்கத்திலிருந்து. எலும்பை அழுத்தினா அங்கே எட்டாது.

தம்பி, அப்பாவை நிமிர்ந்து உட்கார வெச்சு, லேசா முன்னாடி குனியச் சொல்லுங்க. நுனிக்கு மேலே மெத்துன்னு இருக்கிற பகுதியை ரெண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடிங்க. வாயால மூச்சு விடட்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிஷம், நடுவில் ஒரு தடவைகூட விட்டுப் பார்க்காதீங்க. பார்க்கிறப்போதான் உறைஞ்சது பிய்ஞ்சு போகுது. வாய்க்கு வர்ற ரத்தத்தைத் துப்பட்டும். அண்ணாந்து படுத்தப்போ விழுங்கின ரத்தம்தான் வாந்தியா வந்திருக்கணும்.

கூடுதல் மாத்திரை வேண்டாம். பயத்திலயே பிபி ஏறும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சாப்பிடுறவர், ரத்தம் திரும்ப வந்திருக்கு, வாந்தியும் எடுத்திருக்கார். பிடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. மயக்கம், வியர்வை, தொண்டைக்குள்ள நிக்காம இறங்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் 108 கூப்பிடுங்க.

ரெண்டு பசங்க அம்மா: என் பையனுக்கு 6 வயசு, வெயில் காலத்தில் அடிக்கடி வரும். அவனுக்கும் ஆஸ்பத்திரி போகணுமா?

இஎன்டி வார்டு நர்ஸ்: குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூக்கு நோண்டுறதாலயும் வறட்சியாலயும்தான்மா. இதே மாதிரி பிடிங்க. பத்துப் பதினைஞ்சு நிமிஷமா ரெண்டு தடவை பிடிச்சும் நிக்கலேன்னா, அடிபட்டு வந்தா, உடம்பில் காரணமில்லாம நீலமா கன்னிப்போயிருந்தா காட்டணும்.

திருச்சிக்காரன்: ஆஸ்பத்திரியில் மூக்குக்குள்ள துணி வெச்சு அடைச்சிருக்காங்க அக்கா, ரத்தம் நின்னிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு எடுப்பாங்களாம். நாளைக்கு க்ளோபிடோக்ரலை நிறுத்திடவா?

இஎன்டி வார்டு நர்ஸ்: நீங்களா நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் அடைச்சுக்கும் ஆபத்து இருக்கு. ஸ்டென்ட் வெச்ச டாக்டர்கிட்ட இன்னிக்கே போன்ல கேளுங்க. துணி எடுத்த பிறகு ஒரு வாரம் மூக்கைச் சிந்தாம, சூடா எதுவும் குடிக்காம, கனம் தூக்காம பார்த்துக்கோங்க.

திருச்சிக்காரன்: டாக்டர் சாயங்காலம்தான் எடுப்பாராம். கேட்டுட்டு எழுதுறேன்.