மறதி என்று நாங்கள் நினைத்தோம்

பாளையங்கோட்டை ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்கள் இடையிடையே நிறுத்திவிடுவது மறதியால்தான் என்று கருதி, கைபேசி நினைவூட்டல் பயன் தருமா என்ற கேள்வியோடு ஆய்வுத் திட்டம் எழுதியிருந்தோம். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன், அந்நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஐவரை அழைத்து வாசித்துக் காட்டினோம். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஓர் அம்மா, "நான் மறப்பதே இல்லை. இரவு மாத்திரை போட்டால் காலையில் கை ஓடாது, அதனால் பீடி ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின இரவு வேண்டுமென்றே விட்டுவிடுவேன்" என்றார். மற்ற நால்வரில் மூவர் தத்தம் வேலையை வைத்து அதையே சொன்னார்கள். நினைவூட்டலைக் கைவிட்டு, மருத்துவர் ஒப்புதலோடு இரவு மாத்திரையை முன்னதாகவே உட்கொண்டால் காலைத் தூக்கக் கலக்கமும் விட்டுப்போகும் நாட்களும் குறையுமா என்று கேள்வியை மாற்றி எழுதினோம்.

அம்பாசமுத்திரம் உறுப்பினர்:
கேள்விக்கு அது சரி. ஆய்வில் சேர்பவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்துக்கு இவ்வளவு தேவையில்லை. தமிழில் பெயர்த்து, வேறொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தால் போதும்.

பாளையங்கோட்டை ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
அண்ணாச்சி, எங்கள் படிவமும் அந்தச் சோதனையில் தேறியதுதான். ஆனால் "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரியை வாசித்துவிட்டு, புரிந்ததைச் சொந்தச் சொல்லில் கூறும்படி கேட்டபோது, "விலகினால் ஆஸ்பத்திரியில் மாத்திரை தரமாட்டார்கள்" என்று இருவர் சொன்னார்கள். "ஆய்விலிருந்து விலகினாலும் உங்கள் மருத்துவரும் மாத்திரையும் மாறாது" என்று அவர்களோடு சேர்ந்தே திருத்தினோம். ஆனால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 போன்ற, தரம் சோதிக்கப்பட்ட வினாப்பட்டியலில் இப்படிக் கை வைக்கக் கூடாது. சொல் மாறினால் மதிப்பெண்ணைப் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. புரியாத இடத்தைக் குறித்து வைத்தோம், அவ்வளவே.

தென்காசி உறுப்பினர்:
என் தம்பிக்கும் பகலெல்லாம் தூக்கம்தான். அவனை இந்த ஆய்வில் சேர்க்க முடியுமா? மாத்திரையை நானே மாலையில் கொடுத்துப் பார்க்கலாமா?

பாளையங்கோட்டை ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
நீங்களாக மாற்ற வேண்டாம்; அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடம் தூங்கும் நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இங்கே நாங்கள் சொல்வது ஆய்வில் பங்கேற்பாளராகச் சேர்வதை அன்று, ஆய்வை வடிவமைக்கும் ஆலோசகராக அமர்வதை.

சேரன்மகாதேவி உறுப்பினர்:
நான் அப்படி அமர்ந்தவள். எங்கள் கூட்டத்தில் அம்மாவையும் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். என்னிடம் கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். பேருந்துக் கட்டணம் கொடுத்தார்கள், அன்றைய கூலி போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உங்கள் ஐவருக்கும் கூலி கொடுத்தீர்களா, அக்கா?

பாளையங்கோட்டை ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
குடும்பத்தாரைத் தனியே இன்னொரு நாள் சந்தித்தோம். கூலிதான் இன்னும் இழுபறி: ஒரு நாள் பீடிக் கூலியைக் கணக்கிட்டுக் கேட்டோம், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.